இரட்டை ஐகன் மதிப்பு வரும்போது: இணைந்த இரு சமன்பாடுகளை லாப்லாஸ் உருமாற்றத்தால் தீர்த்தல்

கேள்வி: x′ = −3x + y + f(t), y′ = −x − y என்ற இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். x(0) = 1, y(0) = 4. f(t) முதல் ஒரு நொடிக்கு 4 ஆகவும், பிறகு சுழியாகவும் இருக்கிறது. ஐகன் மதிப்பு முறையில் −2 இரண்டு முறை வருகிறது, ஆனால் ஐகன் வெக்டர் ஒன்றுதான் கிடைக்கிறது, அங்கேயே நின்றுவிட்டேன். லாப்லாஸ் உருமாற்றத்தைக் கொண்டு நேராகத் தீர்த்துவிடலாமா? அப்படிச் செய்தால் ஐகன் மதிப்பே தேவைப்படாதா?

பதில்:

தீர்த்துவிடலாம், இந்தக் கணக்குக்கு அதுவே நல்ல வழியும்கூட. ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை, தேவைப்படும் என்பதுதான். லாப்லாஸ் முறையில் ஐகன் மதிப்புகள் மறைந்துபோவதில்லை. அவை ஒரு பின்னத்தின் பகுதியில் வேறு உருவத்தில் வந்து நிற்கும். உங்களுக்கு மிச்சமாவது ஐகன் வெக்டர்களைத் தேடும் வேலையும், அவை போதாதபோது பொதுமைப்படுத்திய ஐகன் வெக்டரைக் கட்டும் வேலையும், கடைசியில் c₁, c₂ என்ற மாறிலிகளுக்குத் தொடக்க நிபந்தனைகளை வைத்து இன்னொரு சோடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வேலையுமே ஆகும். நீங்கள் நின்றுபோன இடம் முதல் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், இந்த மிச்சம் உங்களுக்குச் சிறியது அல்ல.

முதலில் f(t) இல்லாத கணக்கைப் பார்ப்போம்; அதிலேயே இரட்டை மூலத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. x(t), y(t) ஆகியவற்றின் உருமாற்றங்களை X(s), Y(s) என்று எழுதினால், x′ இன் உருமாற்றம் sX − x(0), y′ இன் உருமாற்றம் sY − y(0). இவற்றை இரண்டு சமன்பாடுகளிலும் இட்டு, தெரியாதவற்றை இடப்பக்கமும் தொடக்க மதிப்புகளை வலப்பக்கமும் ஒதுக்கினால் கிடைப்பது:

(s + 3)X − Y = 1
X + (s + 1)Y = 4

வகைக்கெழு எதுவும் இப்போது இல்லை. பள்ளியில் தீர்த்த ஒருங்கமைச் சமன்பாடுகளிலிருந்து இது வேறுபடுவது, கெழுக்களில் s என்ற எழுத்து இருப்பதில் மட்டுமே. தொடக்க மதிப்புகள் எங்கே வந்து அமர்ந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்: x(0) முதல் சமன்பாட்டிலும் y(0) இரண்டாவதிலும், அவற்றுக்குரிய வகைக்கெழு இருந்த இடத்திலேயே வந்திருக்கின்றன. y என்ற எழுத்து முதல் சமன்பாட்டிலும் இருக்கிறது என்பதற்காக அங்கும் y(0) ஐ எழுதிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. தொடக்க மதிப்பைக் கொண்டுவருவது வகைக்கெழு மட்டுமே. Y என்ற சார்பு வெறுமனே Y ஆகிவிடும்.

கிராமரின் விதிப்படி, கெழுக்களின் அணிக்கோவை

D(s) = (s + 3)(s + 1) + 1 = s² + 4s + 4 = (s + 2)²

என்று வருகிறது. ஐகன் மதிப்பு முறையில் நீங்கள் எழுதிய சிறப்பியல்புப் பல்லுறுப்புக் கோவையும் இதுவே; λ இருந்த இடத்தில் s இருக்கிறது. ஆகவே −2 என்ற இரட்டை மூலத்திலிருந்து யாரும் தப்பவில்லை. இனி நடப்பதில்தான் வேறுபாடு:

X = (1·(s + 1) + 4) / (s + 2)² = (s + 5) / (s + 2)²
Y = (4(s + 3) − 1) / (s + 2)² = (4s + 11) / (s + 2)²

தொகுதியை (s + 2) இன் உறுப்பாக எழுதுங்கள். s + 5 = (s + 2) + 3 என்பதால் X = 1/(s + 2) + 3/(s + 2)². அதேபோல் 4s + 11 = 4(s + 2) + 3 என்பதால் Y = 4/(s + 2) + 3/(s + 2)². 1/(s + 2) இன் நேர்மாறு e^(−2t). 1/(s + 2)² இன் நேர்மாறு t e^(−2t). ஆகவே

x(t) = (1 + 3t) e^(−2t)
y(t) = (4 + 3t) e^(−2t)

ஐகன் மதிப்பு முறையில் t e^(−2t) என்ற உறுப்பை ஊகித்து, (A + 2I)w = v என்ற சமன்பாட்டிலிருந்து இரண்டாவது வெக்டரைத் தேடி, அதன் பிறகே இந்த இடத்துக்கு வந்து சேர முடியும். இங்கே அந்த உறுப்பைப் பகுதியில் இருக்கும் வர்க்கமே தந்துவிடுகிறது. ஐகன் வெக்டர் ஒன்றா இரண்டா என்று நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை: இரண்டு இருந்திருந்தால் (s + 2) தொகுதியிலும் இருந்து தானாகவே சுருங்கியிருக்கும்.

அந்தச் சுருக்கத்தை இந்தக் கணக்கிலேயே காணலாம். தொடக்க மதிப்புகளைப் பொதுவாக x₀, y₀ என்று வைத்தால்

X = x₀/(s + 2) + (y₀ − x₀)/(s + 2)²
Y = y₀/(s + 2) + (y₀ − x₀)/(s + 2)²

என்று வரும். x₀ = y₀ ஆக இருந்தால் இரண்டாவது பின்னம் மறைந்து, வெறும் e^(−2t) மட்டும் மிஞ்சுகிறது. அதாவது (1, 1) என்ற திசையில் தொடங்கினால் t பெருக்கிய உறுப்பு வராது. நீங்கள் கண்டுபிடித்த அந்த ஒற்றை ஐகன் வெக்டரும் (1, 1) ஆகத்தான் இருந்திருக்கும். நாம் தேடாமலேயே அது வெளிப்பட்டுவிட்டது.

இனி f(t) க்கு வருவோம். இந்தக் கணக்கில் லாப்லாஸ் முறையைத் தேர்ந்தெடுக்க இரட்டை மூலத்தைவிட வலுவான காரணம் இந்தத் திடீரென்று நிற்கும் உள்ளீடுதான் என்பது என் கருத்து. ஒன்றை நீக்கி மற்றதற்கு இரண்டாம் வரிசைச் சமன்பாடு எழுதும் பழைய வழியில் சென்றால், y ஐ நீக்கிய பிறகு x க்குக் கிடைப்பது

x″ + 4x′ + 4x = f′ + f

என்ற சமன்பாடு. வலப்பக்கத்தில் f′ வந்துவிட்டது. t = 1 இல் 4 இலிருந்து சுழிக்குத் துள்ளும் ஒரு சார்புக்கு அங்கே சாதாரணப் பொருளில் வகைக்கெழு இல்லை; கண உந்தல் சார்பைக் கொண்டுவந்துதான் அதைக் கையாள முடியும். அதைக் கவனிக்காமல் f′ = 0 என்று எழுதிவிட்டு, x, x′ இரண்டும் t = 1 இல் தொடர்ச்சியாக இருக்கும் என்று கொண்டு இணைப்பவர்கள் தவறான விடைக்கே போய்ச் சேர்வார்கள், ஏனெனில் x′ அங்கே உண்மையிலேயே துள்ளுகிறது. இரண்டு சமன்பாடுகளையும் முதல் வரிசையிலேயே வைத்து உருமாற்றினால் f ஐ வகையிட வேண்டிய நிலையே எழாது.

அலகுப் படிச் சார்பை u(t) என்று குறித்தால் f(t) = 4[1 − u(t − 1)]; அதன் உருமாற்றம் F(s) = 4(1 − e^(−s))/s. இது முதல் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் 1 உடன் சேர்கிறது. எல்லாம் நேரியல் என்பதால், தொடக்க மதிப்புகளால் வரும் பகுதியை மேலே கண்டதுபோலவே வைத்துக்கொண்டு, உள்ளீட்டால் வரும் பகுதியை மட்டும் தனியே கணக்கிட்டால் போதும்:

உள்ளீட்டால் X இல் வருவது: (s + 1)F(s)/(s + 2)²
உள்ளீட்டால் Y இல் வருவது: −F(s)/(s + 2)²

இங்கே ஓர் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். e^(−s) ஐப் பகுதிப் பின்னங்களுக்குள் இழுக்கவே கூடாது. அது ஒரு பல்லுறுப்புக் கோவை அல்ல; பகுதிப் பின்னங்களுக்கான எந்த விதியும் அதற்குப் பொருந்தாது. (1 − e^(−s)) ஐ வெளியே நிறுத்திவிட்டு, எஞ்சிய விகிதமுறு கோவையை மட்டும் பிரியுங்கள்:

4(s + 1) / (s(s + 2)²) = a/s + b/(s + 2) + c/(s + 2)²

a, c இரண்டையும் ஹெவிசைடின் மறைப்பு விதியால் உடனே எடுக்கலாம். s ஐ மறைத்துவிட்டு மற்றவற்றில் s = 0 இட்டால் a = 4/4 = 1. (s + 2)² ஐ மறைத்துவிட்டு s = −2 இட்டால் c = 4(−1)/(−2) = 2. ஆனால் நடுவில் உள்ள b இந்த விதிக்கு அகப்படாது. இரட்டை மூலத்தின் முதல் அடுக்குக்கு வரும் கெழுவை மறைப்பு விதி தருவதில்லை. அதற்கு எளிய வழி, இருபுறமும் s ஆல் பெருக்கி s ஐ முடிவிலிக்கு அனுப்புவது. இடப்பக்கத்தில் பகுதியின் படி தொகுதியின் படியைவிட இரண்டு கூடுதல் என்பதால் அது சுழியை அடைகிறது. வலப்பக்கத்தில் a + b மிஞ்சுகிறது. ஆகவே b = −1. சரிபார்க்க s = 1 இட்டால், இடப்பக்கம் 8/9, வலப்பக்கம் 1 − 1/3 + 2/9 = 8/9. இந்த ஒரு வரிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பகுதிப் பின்னங்களில் நேரும் பிழை அதற்குப் பிறகு எங்கும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் விடைவரை வந்துவிடும்.

இரண்டாவதையும் அதே வழியில் பிரித்தால் −4/(s(s + 2)²) = −1/s + 1/(s + 2) + 2/(s + 2)². இவற்றின் நேர்மாறுகளை g, h என்று பெயரிடுவோம்:

g(t) = 1 − e^(−2t) + 2t e^(−2t)
h(t) = −1 + e^(−2t) + 2t e^(−2t)

முதல் ஒரு நொடியில் e^(−s) உள்ள உறுப்பு இன்னும் செயல்படத் தொடங்கவில்லை. அப்போது x = (1 + 3t)e^(−2t) + g(t), y = (4 + 3t)e^(−2t) + h(t). கூட்டிச் சுருக்கினால்

0 ≤ t < 1 எனில்:
x = 1 + 5t e^(−2t)
y = −1 + 5(1 + t) e^(−2t)

மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்போம். x′ = 5(1 − 2t)e^(−2t). மறுபுறம் −3x + y + 4 இல் மாறிலிகள் −3 − 1 + 4 = 0 என்று அடிபட்டுப்போக, −15t + 5 + 5t = 5 − 10t என்ற கெழு e^(−2t) உடன் நிற்கிறது. இரண்டும் ஒன்றே. y′ ஐயும் இவ்வாறே நீங்கள் சரிபார்க்கலாம்.

t = 1 க்குப் பிறகு, g(t − 1), h(t − 1) ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இந்த முறையில் மிகுதியான பிழைகள் நேர்வது இங்கேதான். e^(−s)G(s) இன் நேர்மாறு u(t − 1) g(t − 1) என்பது. g இல் t வரும் ஒவ்வோர் இடத்திலும், அடுக்கிலும் அதற்கு முன்னால் பெருக்கும் t இலும், t − 1 ஐ இட வேண்டும். அடுக்கில் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் நிற்கும் 2t ஐ அப்படியே விடுவோரும் உண்டு. u(t − 1) ஐ மட்டும் எழுதிவிட்டு g(t) ஐ மாற்றாமல் கழிப்போரும் உண்டு. சரியாகச் செய்தால் கிடைப்பது:

t ≥ 1 எனில்:
x = 5t e^(−2t) + (3 − 2t) e^(−2(t − 1))
y = 5(1 + t) e^(−2t) − (2t − 1) e^(−2(t − 1))

முழு விடை இதுதான். இது சரியா என்று விடைத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமலேயே அறிய மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு வகைப் பிழைகளைப் பிடிப்பவை.

முதலாவது, t = 1 இல் இரண்டு துண்டுகளும் சேர வேண்டும். முதல் துண்டு தரும் மதிப்புகள் x(1) = 1 + 5e^(−2) ≈ 1.677, y(1) = −1 + 10e^(−2) ≈ 0.353. இரண்டாவது துண்டில் t = 1 இட்டாலும் இவையே வருகின்றன. f(t) எல்லைக்குட்பட்ட சார்பு என்பதால் x, y இரண்டும் துள்ள முடியாது. துள்ளினால் கணக்கில் பிழை. எடுத்துக்காட்டாக, g(t − 1) க்குப் பதிலாக g(t) ஐக் கழித்திருந்தால், g(1) ≈ 1.135 என்பதால் x ஒரே கணத்தில் 1.677 இலிருந்து 0.541 க்கு விழுந்திருக்கும். நகர்த்தல் பிழையைப் பிடிக்க இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டாவது, துள்ள வேண்டியது துள்ள வேண்டும். முதல் சமன்பாட்டில் f சரியாக 4 குறைவதால், x′ உம் t = 1 இல் சரியாக 4 குறைய வேண்டும்; y′ மாறவே கூடாது. நம் விடையில் x′ இன் மதிப்பு t = 1 க்குச் சற்று முன் −5e^(−2) ≈ −0.677. சற்றுப் பின், இரண்டாவது துண்டை வகையிட்டால் −4.677. y′ இரு பக்கத்திலும் −15e^(−2) ≈ −2.030. f ஐத் தவறான சமன்பாட்டில் சேர்த்திருந்தால் துள்ளல் y′ இல் காணப்பட்டிருக்கும்.

மூன்றாவது சோதனை சற்று நயமானது. t = 1 க்குப் பிறகு உள்ளீடு இல்லை; ஆகவே அந்தக் கணத்தின் மதிப்புகளைப் புதிய தொடக்க மதிப்புகளாகக் கொண்டு, முன்பு கண்ட உள்ளீடற்ற விடையைத் திரும்பப் பயன்படுத்தலாம். τ = t − 1 என்று வைத்தால் x = [x(1) + (y(1) − x(1))τ] e^(−2τ). t = 2 இல் τ = 1; அப்போது x(1) அடிபட்டு, x(2) = y(1) e^(−2) ≈ 0.353 × 0.1353 ≈ 0.048. நம் இரண்டாவது துண்டு தருவது 10e^(−4) − e^(−2) ≈ 0.183 − 0.135 ≈ 0.048. நகர்த்தல் தேற்றத்தை இந்த வழி பயன்படுத்தவே இல்லை என்பதால், இரண்டும் ஒத்துப்போவது வலுவான சான்று.

எல்லைத் தேற்றங்களை வைத்தும் சிலர் சரிபார்ப்பதுண்டு. s முடிவிலியை அடையும்போது sX(s) இன் எல்லை x(0) ஆக வேண்டும் என்ற தொடக்க மதிப்புத் தேற்றம் பயனுள்ளது. மேலே b ஐக் கண்டபோது நாம் செய்தது ஒரு வகையில் அதுவே, ஏனெனில் உள்ளீட்டால் வரும் பகுதி சுழியிலிருந்துதான் தொடங்க முடியும். s சுழியை அடையும்போது sX(s) இன் எல்லை நெடுங்கால மதிப்பைத் தரும் என்ற இறுதி மதிப்புத் தேற்றத்தை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். sX(s) இன் பகுதி மூலங்கள் அனைத்தும் இடது அரைத்தளத்தில் இருந்தால் மட்டுமே அது செல்லும். 1/(s − 1) க்கு அதைப் பயன்படுத்தினால் சுழி என்று வரும்; உண்மையில் e^t கட்டுக்கடங்காமல் வளர்கிறது. நம் கணக்கில் மூலம் −2 என்பதால் தடையில்லை: உள்ளீடு 4 நிற்காமல் தொடர்ந்திருந்தால் x ஆனது 1 ஐயும் y ஆனது −1 ஐயும் நோக்கிச் செல்லும் என்று அது சரியாகவே சொல்கிறது.

உள்ளீடு இவ்வளவு எளிமையாக இல்லாதபோதும், இதுவரை செய்த வேலை வீணாகாது. (s + 1)/(s + 2)² இன் நேர்மாறு (1 − t)e^(−2t). ஆகவே எந்த f(t) க்கும், அது x இல் ஏற்படுத்தும் விளைவை

∫₀ᵗ (1 − (t − τ)) e^(−2(t − τ)) f(τ) dτ

என்ற கன்வலூஷன் தொகையீடாக எழுதிவிடலாம். f க்கு உருமாற்றமே இல்லாத இடங்களிலும், எடுத்துக்காட்டாக e^(t²) போன்ற அளவுக்கு மீறி வளரும் சார்புகளுக்கும், இந்தத் தொகையீடு செல்லும். தேவையானால் எண்முறையில் மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் −3, 1 போன்ற கெழுக்களே நேரத்தோடு மாறினால் நிலைமை வேறு. t·x(t) இன் உருமாற்றம் −X′(s) என்பதால், வகைக்கெழுக்களை ஒழிக்கப் புறப்பட்ட நாம் s இல் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கே திரும்பிவிடுவோம். அத்தகைய கணக்குக்கு இந்த முறையைத் தொடாதீர்கள்.

எல்லா இடத்திலும் லாப்லாஸ் முறைதான் மேல் என்று நான் சொல்லவில்லை. உள்ளீடு இல்லை, மூலங்களும் வெவ்வேறு, பல தொடக்க நிலைகளுக்கு விடைகள் எப்படிச் செல்கின்றன என்ற படமே வேண்டும் என்றால், ஐகன் வெக்டர்களே அந்தப் படத்தின் அச்சுகள். அவற்றை நேராகக் காண்பதே முறை. தெரியாதவை மூன்று, நான்கு என்று கூடும்போது கிராமரின் விதி கையால் செய்யத் தகுந்ததாக இருக்காது. D(s) ஐக் காரணிப்படுத்தும் சுமையும் குறையாது.

கடைசியாக, கெழுக்கள் அளந்து பெறப்பட்டவையாக இருந்தால் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நம் கணக்கில் −3 க்குப் பதிலாக −3.01 என்று வைத்துப் பாருங்கள். D(s) = s² + 4.01s + 4.01 ஆகி, அதன் மூலங்கள் ஏறத்தாழ −1.905, −2.105 என்று பிரிந்துவிடுகின்றன: கெழுவில் 0.01 மாற்றம், மூலத்தில் 0.1 மாற்றம். −2.99 என்று வைத்தால் மூலங்கள் சிக்கலெண்களாகவே ஆகிவிடுகின்றன, −1.995 ± 0.0999i. உள்ளீடு இல்லாத x ஐ முதல் வகைக்குப் பகுதிப் பின்னங்களால் எழுதினால்

x ≈ 15.46 e^(−1.905t) − 14.46 e^(−2.105t)

என்று வருகிறது. தொடக்கத்தில் 1 ஆக இருக்கும் ஓர் அளவை, ஒன்றையொன்று அழிக்கும் இரண்டு பெரிய எண்களாக எழுதியிருக்கிறோம். விடை உண்மையில் அதிகம் மாறவில்லை; t = 1 இல் பழைய மதிப்பு 0.541, புதிய மதிப்பு 0.539. மாறியது எழுத்து வடிவம் மட்டுமே. ஆனால் அந்த வடிவத்தில் கெழுக்களை இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் விடையின் துல்லியம் கழிக்கும்போது கரைந்துபோகும். மூலங்கள் மிக அருகருகே இருக்கும்போது அவற்றைப் பிரிக்காமல், பகுதியை (s + 2.005)² − k² என்று முழு வர்க்கமாக்கி விடுவது நல்லது, இங்கே k ≈ 0.1001. தொகுதி s + 5 = (s + 2.005) + 2.995 என்பதால்

x = e^(−2.005t) [cosh(kt) + 2.995 sinh(kt)/k]

k சுழியை நெருங்கும்போது cosh(kt) ஒன்றையும் sinh(kt)/k ஆனது t ஐயும் அடைவதால், (1 + 3t)e^(−2t) என்ற நம் விடை இதிலிருந்து எந்தத் தடங்கலும் இன்றி வெளிவருகிறது. −2.99 க்கும் இதே வேலைதான்: பகுதி (s + 1.995)² + k² ஆகும், cosh, sinh இரண்டும் இருந்த இடத்தில் cos, sin வரும், 2.995 க்குப் பதிலாக 3.005 நிற்கும், k ≈ 0.0999.